பிரேமுக்குள் இருப்பது எண்ணெய் ஓவியமா, நீர்வண்ணமா, பாஸ்டலா, அச்சா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரேம் கட்டும் தொழிலில் இருப்பதால், "இது கையால் வரைந்ததா, அச்சடித்ததா?" என்று கேட்டு வரும் போட்டோக்கள் எனக்கு ஏராளம். அவற்றில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

படத்தை எப்படிப் போட்டோ எடுத்து அனுப்பினால் உங்களால் சொல்ல முடியும்?

மூன்று வகைப் போட்டோ போதும். முதலாவது, பிரேமோடு சேர்த்து முழுப் படம். இரண்டாவது, 8 செ.மீ. அகலமுள்ள ஒரு சின்னப் பகுதி. மூன்றாவது, அதே பகுதியைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் இரண்டு முறை எடுத்தது.

8 செ.மீ. என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. காலண்டர், புத்தகம் அடிக்கும் சாதாரண ஆஃப்செட் அச்சில் படம் சின்னச் சின்ன நிறப் புள்ளிகளால் ஆனது, ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் சுமார் 6 புள்ளிகள் இருக்கும். உங்கள் போன் எடுக்கும் போட்டோ 4000 பிக்சல் அகலம் என்று வையுங்கள். 60 செ.மீ. படம் முழுவதையும் அதில் அடக்கினால் ஒரு மில்லிமீட்டருக்கு ஏழு பிக்சல் கூடக் கிடைக்காது. ஒரு புள்ளிக்கு ஒரு பிக்சல்தான் மிஞ்சும், அதனால் அச்சுப் புள்ளிகள் எல்லாம் கரைந்து வழவழப்பான ஓவியம் போலத் தெரியும். அதே 4000 பிக்சலை 8 செ.மீ. பகுதியில் செலவழித்தால் மில்லிமீட்டருக்கு 50 பிக்சல் கிடைக்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் எட்டு பிக்சல், அதாவது புள்ளியின் வடிவமே தெரியும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் போட்டோ சுருங்கிவிடும். அதை டாக்குமெண்டாக இணைத்து அனுப்புங்கள்.

எந்தப் பகுதியை எடுப்பது என்பதும் முக்கியம். வானம், சுவர் மாதிரி வெறுமையான இடம் உதவாது. முகத்தில் கன்னமும் நிழலும் சேரும் இடம், புடவைக் கரை, கை விரல் போல வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு மெல்ல மாறும் இடத்தை எடுங்கள். கண்ணாடி மேல் ஒரு ஸ்கேலை வைத்து எடுத்தால் அளவும் கிடைத்துவிடும்.

பகலில் ஜன்னல் பக்கம் எடுங்கள். மங்கிய வெளிச்சத்தில் போன் தானாகவே படத்தை மெழுகிவிடுகிறது. அந்த மெழுகல் தூரிகைத் தடம் மாதிரியே இருக்கும். அப்படி வந்த போட்டோக்களை நம்பி ஒரு காலண்டர் படத்தை ஓவியம் என்று நினைத்தவர்கள் பலர். கண்ணாடியில் உங்கள் உருவம் விழுந்தால், பின்னால் ஒரு கறுப்புத் துணியைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

பக்கவாட்டு வெளிச்சம் என்றால் என்ன?

அறை விளக்கை அணைத்துவிட்டு, இன்னொரு போனின் டார்ச்சைப் படத்தின் இடது ஓரத்தில், சுவரோடு ஒட்டினாற்போல் பிடித்து ஒரு போட்டோ எடுக்க வேண்டும். பிறகு போனை அசைக்காமல் டார்ச்சை மட்டும் வலது ஓரத்துக்குக் கொண்டுபோய் இன்னொன்று. பிரேமின் விளிம்பு உயரமாக இருந்து நிழல் விழுந்தால் டார்ச்சைக் கொஞ்சம் உயர்த்திக்கொள்ளலாம்.

இரண்டையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். நிஜமான மேடாக இருந்தால் அதன் நிழல் வலமிருந்து இடத்துக்கு மாறும். அச்சில் பதிந்த நிழல் எந்தப் பக்கம் டார்ச் பிடித்தாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். இது கண்ணாடிக்கு வெளியிலிருந்தே செய்யக்கூடிய சோதனை, படத்தைத் தொடவே வேண்டாம். எனக்கு ஒரே ஒரு சோதனைதான் அனுமதி என்றால் இதைத்தான் எடுத்துக்கொள்வேன்.

எங்கள் பூர்வீக வீட்டு சரஸ்வதி படம் பளபளவென்று இருக்கிறது, துணி நெசவும் தெரிகிறது. ஆயில் பெயிண்டிங்தானே?

பெரும்பாலும் இல்லை. பழைய வீடுகளில் இப்படி இருக்கும் படங்களில் நான் பார்த்தவை அநேகமாக ஓலியோகிராஃப்கள். கல்லில் அச்சடித்த வண்ணப் படத்துக்கு மேல் வார்னிஷ் பூசி, சில சமயம் துணி நெசவு போன்ற மேடு பள்ளத்தையும் அழுத்திப் பதித்து, எண்ணெய் ஓவியம் மாதிரி தெரிய வேண்டும் என்றே செய்தவை. ராஜா ரவிவர்மா 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கியதும் இதற்காகத்தான். அரண்மனையில் மட்டும் மாட்ட முடிந்த எண்ணெய் ஓவியம் சாதாரண வீட்டுச் சுவருக்கும் வந்தது இந்த வழியில்தான். அச்சகம் பிறகு லோனாவ்லாவுக்குப் பக்கத்தில் மலவ்லிக்குப் போனது, ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியர் கைக்கு மாறியது. செட்டிநாட்டு வீடுகளில் இந்தப் படங்களுக்கு ஜரிகை, துணி, ஜிகினா ஒட்டி அலங்காரமும் செய்திருப்பார்கள்.

காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் அனுப்பிய படத்தை வைத்தே சொல்கிறேன். அளவு சுமார் 50-க்கு 35 செ.மீ. முழுப் படத்தின் போட்டோவில் சந்தேகப்பட ஒன்றுமே இல்லை. தேன் நிறத்தில் பழைய வார்னிஷ், மெல்லிய வெடிப்புகள், கீழ் மூலையில் ரவிவர்மா என்று கையெழுத்து. தாத்தா காலத்து ஆயில் பெயிண்டிங் என்று மூன்று தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள்.

இரண்டாவது போட்டோ வீணையைப் பிடித்திருக்கும் கை. தோலின் நிறம் தூரத்தில் ஒரே சீராக இருந்தது. கிட்டத்தில் அது இளஞ்சிவப்புப் புள்ளிகளும் பழுப்புப் புள்ளிகளும் கலந்த தூறல். ஒரு புள்ளி பெரிது, அடுத்தது சிறிது, இடைவெளியும் ஒழுங்கில்லை. விரல் வளைவு இருட்டும் இடத்தில் புள்ளிகள் நெருங்குகின்றன. அச்சகத்தில் ஒரு கலைஞர் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல்லில் கையால் குத்திக் குத்தி வைத்த புள்ளிகள் இவை. எண்ணெய் ஓவியர் தோலை இப்படிக் கட்டமாட்டார், ஈரமான வண்ணத்தைத் தூரிகையாலேயே ஒன்றுக்குள் ஒன்று இழைத்துவிடுவார்.

மூன்றாவது போட்டோவில் நெசவு நன்றாகத் தெரிந்தது, டார்ச் மாறும்போது நிழலும் மாறியது. அப்படியானால் மேடு நிஜம்தான். ஆனால் அந்த நெசவு முகத்திலும், புடவையிலும், பின்னால் உள்ள ஆற்றிலும் ஒரே ஆழத்தில், ஒரு மாற்றமும் இல்லாமல் ஓடியது. நிஜக் கேன்வாஸில் வண்ணம் கனமாக இருக்கும் இடத்தில் நெசவு மூடிப்போகும், மெல்லிசாக இருக்கும் இடத்தில் எட்டிப் பார்க்கும். மேடும் வண்ணமும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இருந்தால், மேடு பிறகு அழுத்திப் பதித்தது என்று பொருள்.

கடைசியாக, ஒரு மூலையில் செல்லரித்த இடம். அங்கே நூல் பிசிறு எதுவும் இல்லை, வெள்ளைக் காகித நார்தான் தெரிந்தது. அதோடு முடிந்தது. பிரேமைப் பிரித்துச் சுத்தம் செய்தபோது, மரச்சட்டத்துக்குள் மறைந்திருந்த கீழ் ஓரத்தில் அச்சகத்தின் பெயரும் இருந்தது. கையெழுத்து ரவிவர்மாவின் மூல ஓவியத்தில் இருந்தது, ஓவியத்தோடு சேர்ந்து கல்லுக்கு வந்துவிட்டது.

அந்தக் குடும்பத்துக்கு ஏமாற்றம் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் இந்தப் படங்களும் நூறு வருடப் பழமை கொண்டவை, கையால் கல்லில் வரைந்து அச்சடித்தவை. மலவ்லி அச்சகம் 1972-ல் தீயில் எரிந்துவிட்டது. அந்தக் கீழ் ஓரத்தை வெட்டாமல் மறுபடி பிரேம் போடச் சொன்னேன். அச்சகத்தின் பெயர் உள்ள ஓரத்தை "அழகாக இல்லை" என்று வெட்டிவிடுவது எங்கள் தொழிலில் இன்னும் நடக்கிறது. அது பெரிய இழப்பு.

அப்படியானால் நிஜமான எண்ணெய் ஓவியத்தில் என்ன தெரியும்?

மேடு உருவத்தோடு சேர்ந்து போகும். கன்னத்தில் தூரிகைத் தடம் கன்னம் வளைகிற பக்கமே வளையும். நகையின் மினுக்கத்துக்கு வெள்ளையைக் கெட்டியாக ஒரு குத்து வைத்திருப்பார்கள், பக்க வெளிச்சத்தில் அது சிறு குன்று மாதிரி நிழல் போடும். இருட்டான பகுதிகள் பெரும்பாலும் மெல்லிய பூச்சு. வெளிச்சம் கெட்டி, இருட்டு மெலிது என்ற இந்த வேற்றுமையை அழுத்திப் பதித்த நெசவால் காட்ட முடியாது.

பழைய படமானால் வெடிப்பைப் பாருங்கள். ஓவியத்தின் வெடிப்பு வண்ண அடுக்கையே பிளந்திருக்கும், பிளந்த துண்டுகளின் ஓரம் கொஞ்சம் மேலே எழும்பியிருக்கும். கேன்வாஸை இழுத்துக் கட்டிய உள்மரச்சட்டத்தின் விளிம்பு பின்பக்கம் படுகிற கோட்டிலேயே, ஓரத்துக்கு இணையாக, வெடிப்புகள் வரிசையாக ஓடுவதும் உண்டு. வண்ணம் உதிர்ந்த இடத்தில் முதலில் வெள்ளை அடிப்பூச்சும், அதற்கும் கீழே நூலும் தெரியும்.

கேன்வாஸில்தான் இருக்கிறது, தூரிகைத் தடமும் கைக்குத் தட்டுப்படுகிறது. புதிதாக வாங்கியது. இதுவும் ஏமாற்றா?

கேன்வாஸ் துணியில் இங்க்ஜெட் அச்சடித்து, மேலே நிறமில்லாத ஜெல்லைத் தூரிகையால் தடவி விற்கிறார்கள். விற்பவர் அச்சு என்று சொல்லி விற்றால் அதில் தவறில்லை, கையால் வரைந்தது என்று சொன்னால்தான் ஏமாற்று.

ஜெல் தடவியவர் வேகமாகத் தடவியிருப்பார். அதனால் தடம் ஒரு மரத்தின் இலையில் தொடங்கி வானத்துக்குள் போய், எல்லைக் கோட்டைக் கவனிக்காமல் கடந்துவிடும். தடத்தின் மேட்டில் நிறம் மாறாது. நிஜத்தில் தூரிகை ஒரு நிறத்தை இழுத்துக்கொண்டு போகும்போது தடத்தின் ஓரத்தில் அந்த நிறமே கூடிக்கிடக்கும். இன்னொரு அடையாளம் கேன்வாஸ் மடங்கும் ஓரம். மடிப்பில் மை உடைந்து வெள்ளை நூல் தெரிந்தால் அது அச்சு மை, மேற்பரப்பில் மட்டுமே நிற்கிறது. பக்கவாட்டில் படத்தின் ஓரம் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி அச்சாகியிருந்தால் வேறு சாட்சி தேவையில்லை.

இங்க்ஜெட் புள்ளிகள் மிகப் பொடியானவை, ஆஃப்செட் போல ஒழுங்கான வரிசையும் கிடையாது. சாதாரண போட்டோவில் அவை தெரியாமல் போகலாம். வெளிறிய நிறமுள்ள இடத்தில், நகை பார்க்கும் லென்ஸைப் போன் கேமரா முன் பிடித்து எடுத்தால் தூசி தூவியது போலத் தெரியும்.

போட்டோவில் படத்தின் மேல் அலை அலையாகக் கோடுகள் விழுகின்றன. போன் கெட்டுவிட்டதா?

போன் நன்றாகத்தான் இருக்கிறது. அச்சுப் புள்ளிகளின் வரிசையும் கேமராவின் பிக்சல் வரிசையும் ஏறக்குறைய ஒரே அளவில் மோதும்போது அப்படி அலை விழும். அதையே துப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். கிட்டப் போனால் அலை மறைந்து, சிறு சிறு பூ மாதிரி வட்டமிட்ட நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் வெளிப்படும். அதுதான் நான்கு நிற ஆஃப்செட். கல் அச்சின் புள்ளிக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டை மறக்காதீர்கள்: ஆஃப்செட்டில் புள்ளியின் பருமன்தான் மாறும், புள்ளிக்குப் புள்ளி தூரம் மாறாது. கல் அச்சில் இரண்டுமே மாறும்.

ஒரு எச்சரிக்கை: கேன்வாஸின் நெசவும், ஜன்னல் கொசுவலையின் பிரதிபலிப்பும் கூட அலையைக் கொடுக்கும். கிட்டத்து போட்டோவில் புள்ளியைப் பார்த்த பிறகே முடிவு சொல்லுங்கள்.

கண்ணாடிக்குள் இருக்கும் நீர்வண்ணப் படம் நிஜமா, அதன் நகலா என்று எப்படிப் பார்ப்பது?

வெள்ளையைப் பாருங்கள், வண்ணத்தைப் பிறகு பார்க்கலாம். நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது பூசாமல் விட்ட காகிதம். மேகம், வேட்டி, தண்ணீரின் மினுக்கம் எல்லாம் வெறும் காகிதமாக இருக்க வேண்டும். நகலில் அந்தக் காகித நிறத்தையும் சேர்த்துப் போட்டோ எடுத்து அச்சடித்திருப்பார்கள், அதனால் வெள்ளை இடத்திலும் மெல்லிய மஞ்சள், நீலப் புள்ளிகள் இருக்கும். நல்ல நகல்கள் கூட இங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

அடுத்தது விளிம்பு. தண்ணீரில் கரைந்த வண்ணம் காயும்போது நிறத்தூளை ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு போகும். காபிக் கறை காய்ந்தால் ஓரத்தில் கருவளையம் வருகிறதே, அதே காரணம்தான். ஒரு பூச்சின் மேல் இன்னொரு பூச்சு விழுந்த இடத்தில் கீழே உள்ள கோடு மறையாமல் தெரியும். பென்சில் கோடும் பல சமயம் தெரியும், பக்க வெளிச்சத்தில் பென்சில் ஈயம் போல லேசாக மின்னும். அச்சான பென்சில் கோடு மின்னாது.

காகிதமும் பேசும். தண்ணீர் பட்ட காகிதம் கொஞ்சமாவது அலையலையாக நெளிந்திருக்கும். சொரசொரப்பான காகிதமானால் அல்ட்ராமரைன் நீலம் போன்ற கனமான நிறத்தூள் காகிதக் குழிகளில் போய்ப் படிந்து மணல்மணலாகத் தெரியும். டார்ச்சை இடம் மாற்றும்போது குழியின் நிழல் நகரும், படிந்த நீலம் அங்கேயே இருக்கும். வழவழப்பான காகிதத்தில் அடித்த நகலில் எதுவும் நகராது.

பாஸ்டலா, வாட்டர்கலரா என்று குழப்பமாக இருக்கிறது. இரண்டும் காகிதத்தில் மங்கலாகத்தான் இருக்கின்றன.

நிறம் காகிதத்தின் குழியில் இருக்கிறதா, மேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். நீர்வண்ணம் குழிக்கு ஓடும். பாஸ்டல் ஒரு உலர்ந்த குச்சி, தேய்க்கும்போது காகிதத்தின் மேடுகளில் மட்டும் ஒட்டும், குழியில் காகிதம் தன் சொந்த நிறத்தோடு பளிச்சென்று இருக்கும். பாஸ்டல் வரைபவர்கள் பெரும்பாலும் சாம்பல், பழுப்பு, நீலம் எனச் சாயமேற்றிய காகிதத்தை எடுப்பதால் அந்தக் குழிகள் நன்றாகவே தெரியும். அதோடு வெள்ளை வரும் விதமும் வேறு. பாஸ்டலில் வெள்ளை மேலே கடைசியாகத் தீட்டியது, நீர்வண்ணத்தில் விட்டுவைத்தது.

குழப்புவது ஒன்று உண்டு. தூரிகையில் தண்ணீரை வடித்துவிட்டு அரை ஈரத்தில் இழுத்தால் நீர்வண்ணமும் மேடுகளில் மட்டும்தான் படும். அப்போது ஒரு திட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். தூரிகையின் திட்டு தட்டையாக, ஓரம் கூர்மையாக, காகிதத்தோடு காகிதமாக இருக்கும். பாஸ்டல் திட்டு பொடி, அதன் ஓரம் உதிரியாக இருக்கும், எந்தக் கோணத்திலும் மினுங்காது.

பிரேமே சில சமயம் காட்டிக்கொடுக்கும். பாஸ்டலில் கண்ணாடி படத்தைத் தொடக்கூடாது என்பதால் இடையில் இடைவெளி விட்டுக் கட்டியிருப்போம். காலப்போக்கில் உதிர்ந்த பொடி, படத்தைச் சுற்றி வைக்கும் மவுண்ட் அட்டையின் கீழ்ப்பக்கச் சரிவான வெட்டில் கோடாகப் படிந்திருக்கும். அந்த நிறப்பொடி தெரிந்தால் எனக்குச் சந்தேகமே இருக்காது.

ஆயில் பாஸ்டல் என்றால்?

பெயர்தான் ஒன்று. அது மெழுகும் எண்ணெயும் கலந்த குச்சி, பொடி உதிராது. பக்க வெளிச்சத்தில் லேசான மெழுகுப் பளபளப்பும், குச்சி இழுத்த இடத்தில் வழிந்த வரப்புகளும் தெரியும். பள்ளிப் பிள்ளைகள் வரைந்து பிரேம் போட வரும் படங்களில் பாதி இதுதான்.

படத்துக்குக் கீழே பென்சிலில் 12/50 என்று எழுதிக் கையெழுத்தும் இருக்கிறது. அப்படியானால் ஒரிஜினல்தானே?

50 பிரதிகளில் 12-ஆவது என்று பொருள். அது அச்சு என்பதை ஓவியரே ஒப்புக்கொள்கிறார். ஆனால் எந்த அச்சு என்பதை அந்த எண் சொல்லாது. ஓவியர் தகட்டில் தானே செதுக்கி எடுத்த அச்சுக்கும் அப்படி எழுதுவார்கள், கடையில் அடித்த நகலுக்கும் எழுதுவார்கள்.

படத்தைச் சுற்றிக் காகிதத்தில் ஒரு செவ்வகப் பள்ளம் தெரிகிறதா பாருங்கள். உலோகத் தகட்டைக் காகிதத்தோடு சேர்த்து உருளையில் அழுத்தும்போது தகட்டின் ஓரம் பதிந்த பள்ளம் அது. அத்தகைய அச்சில் கோட்டின் மை கைக்குத் தட்டுப்படும் அளவு எழும்பி நிற்கும், பக்க வெளிச்சத்தில் கோடுகள் நிழல் போடும். மரக்கட்டை அச்சில் மை கோட்டின் ஓரத்துக்குப் பிதுங்கி, நடுவைவிட ஓரம் கறுத்திருக்கும். படம் முழுக்க ஒழுங்கான பூப்புள்ளிகள் தெரிந்தால், பென்சில் கையெழுத்து உண்மையாகவே இருந்தாலும் படம் ஆஃப்செட் நகல்தான். மவுண்ட் அட்டை பள்ளத்தை மூடியிருந்தால் போட்டோவை மட்டும் வைத்து நான் முடிவு சொல்ல மாட்டேன்.

அக்ரிலிக்கா, ஆயிலா என்று போட்டோவில் தெரியுமா?

உறுதியாகத் தெரியாது. இரண்டையும் ஒரே மாதிரி தீட்ட முடியும். அக்ரிலிக் வண்ணம் கடைக்கு வந்ததே 1950-களில்தான், அதற்கு முந்தைய ஓவியமானால் கேள்வியே எழாது. புதிய ஓவியத்தில், போட்டோவைக் காட்டி அடித்துச் சொல்பவரை நம்பாதீர்கள்.

அச்சின் மேல் கையால் வண்ணம் தீட்டியிருந்தால்?

இது அடிக்கடி வரும். நகையிலும் கரையிலும் மட்டும் தங்க வண்ணமோ கெட்டி வெள்ளையோ வைத்திருப்பார்கள். ஒரே ஒரு போட்டோ, அதுவும் நகையை எடுத்தது என்றால் நிஜ மேடு தெரிந்து ஓவியம் என்றே சொல்லிவிடுவோம். அதனால் இப்படிச் சந்தேகம் வந்தால் நகையில் ஒன்று, தோலில் ஒன்று, பின்னணியில் ஒன்று என்று கிட்டத்து போட்டோ கேட்பேன். மூன்றில் இரண்டில் புள்ளி இருந்தால் அடியில் இருப்பது அச்சு.

பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒரு மூலையில் துடைத்துப் பார்க்கலாமா? நிறம் வந்தால் ஓவியம் என்று ஒருவர் சொன்னார்.

வேண்டவே வேண்டாம். ஸ்பிரிட் வார்னிஷைக் கரைக்கும், ஓலியோகிராஃபின் மேற்பூச்சு போய்விடும், எண்ணெய் ஓவியமானால் வண்ணமும் சேர்ந்து வரலாம். நீர்வண்ணம் வெறும் எச்சில் பட்டாலே கரையும். என்னிடம் வந்த ஒரு பாஸ்டலின் முகத்தில், யாரோ பஞ்சால் ஒரு தடவை ஒற்றி எடுத்த வெள்ளை வட்டம் இருந்தது. அதைத் திருப்ப முடியவில்லை.

பிரேமைக் கழற்றுவதும் அவசரமில்லை. பாஸ்டல் என்று சந்தேகம் வந்தாலே குப்புறப் போடாதீர்கள், தட்டாதீர்கள். படம் கண்ணாடியில் ஒட்டியிருப்பது போல் ஈரக்கறை தெரிந்தால் இழுக்காமல், பிரேமோடு அப்படியே கொண்டுவாருங்கள். கொண்டுவரும்போது முகம் மேலே பார்த்தபடி படுக்க வைத்து, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தால் நல்லது.